ஏழு நாளில் காசா, அறுபது நாள் செக்கா? ஓ.டி. எடுத்துக் கழிவைப் பிடிப்பது எப்போது கட்டும்

புறக்கோட்டையில் மொத்தமாக எடுத்து கொட்டாஞ்சேனையிலோ வத்தளையிலோ வெள்ளவத்தையிலோ சில்லறையாக விற்கிற ஹார்ட்வெயார் கடைக்காரர்கள் எல்லோரும் கேட்டுப் பழகிய பேச்சு இது. ரெப் வந்து ஓடர் எழுதி முடித்துவிட்டு, புத்தகத்தை மூடுமுன், "அண்ணன், வழக்கம்போல அறுபது நாள் செக் தாங்க, பிரச்சினையில்ல, ஆனா ஏழு நாளைக்குள்ள காசு போட்டா ரெண்டரை பர்சன்ட் கழிச்சித் தாறோம்" என்பார். கையில் காசு சும்மா கிடந்தால் யோசிக்கவே வேண்டாம், வாங்கிவிடலாம். கேள்வி வருவது காசு இல்லாதபோதுதான். வங்கியில் ஓ.டி. இருக்கிறது, அதிலிருந்து எடுத்து ஏழாம் நாள் கட்டி இரண்டரை வீதத்தைப் பிடிப்பதா, அல்லது அறுபது நாள் செக்கை எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பதா?

என் முடிவை முதலிலேயே சொல்கிறேன். ஓ.டி. வட்டி 12, 13 வீதத்தில் இருக்கிறபோது அறுபது நாள் கடனுக்கு இரண்டரை வீதம் கழிவு என்பது கணக்குப்படி லாபம்தான், ஆனால் பலர் நினைப்பதைவிட மிகச் சின்ன லாபம். அந்தச் சின்ன லாபத்துக்காக உங்கள் ஓ.டி. எல்லையை நிரப்புகிறீர்களா, அல்லது சும்மா கிடக்கிற எல்லையைப் பயன்படுத்துகிறீர்களா என்பதைப் பொறுத்துத்தான் அது நல்ல வேலையா கெட்ட வேலையா என்பது முடிவாகும். தொண்ணூறு நாள் செக் கிடைக்கிற இடத்தில் இதே கழிவுக்குக் கடன் எடுக்கவே வேண்டாம். ஃபினான்ஸ் கம்பனிக் காசிலோ மாத வட்டிக் காசிலோ இதைச் செய்யவே கூடாது.

இணையத்தில் தேடினால் இதற்கு ஒரு வாய்ப்பாடு கிடைக்கும்: கழிவை, கழிவு போக மிஞ்சும் தொகையால் பிரித்து, 365-ஐ மிஞ்சுகிற நாட்களால் பிரித்து, இரண்டையும் பெருக்கு. வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களில் வழக்கமாக வரும் உதாரணம் பத்து நாளில் கட்டினால் 2 வீதம், இல்லையென்றால் முப்பது நாள். அதில் மிஞ்சுவது 20 நாள், ஆண்டுக் கணக்கில் 37 வீதத்துக்கு மேல் வரும். அதைப் படித்துவிட்டு "கழிவை விடுகிறவன் 37 வீத வட்டிக்குக் கடன் வாங்குகிறவன்" என்று நம் ஊர்க் கடைக்கும் அப்படியே சொல்கிறார்கள். நம் சந்தையில் முப்பது நாள் கடன் எங்கே இருக்கிறது? நாற்பத்தைந்து, அறுபது, தொண்ணூறு என்றுதான் செக் எழுதுகிறோம். நாட்கள் கூடக் கூட அந்த 37 வீதம் வேகமாகக் கரைந்துபோகும். அதனால் ஆண்டு வீதத்தையே விட்டுவிட்டு, நாள் கணக்கில் பார்க்கிற ஒரு வழியைச் சொல்கிறேன். கடையில் கல்குலேட்டர் இருந்தால் போதும்.

ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். பி.வி.சி. பைப்பும் ஃபிட்டிங்கும், சரக்கின் பெறுமதி 10 லட்சம் ரூபா. 18 வீத வற் வரி 1,80,000. மொத்தம் 11,80,000. ஏழு நாளில் கட்டினால் இரண்டரை வீதம் கழிவு. இந்த இரண்டரை எதன்மேல்? பெரும்பாலான கம்பனிகள் வற் சேர்க்காத பெறுமதியின் மேல்தான் கழிக்கின்றன. ஆக, கழிவு 25,000 ரூபா, கட்டவேண்டியது 11,55,000. கழிவு 10 லட்சத்தின்மேல் கிடைக்கிறது, ஆனால் நீங்கள் கடன் எடுக்கவேண்டியது வற்றும் சேர்த்து 11,55,000. வரிக்கும் சேர்த்து வட்டி கட்டுகிறீர்கள், வரியின்மேல் கழிவு இல்லை. இந்த ஒரு விஷயத்தை மறந்து கணக்குப் போட்டால் இந்தக் கழிவு ஆண்டுக்கு 17 வீதத்துக்கு மேல் பெறுமதியானதுபோலத் தெரியும். சரியாகப் போட்டால் 15-க்குக் கீழே இறங்கிவிடும்.

இப்போது வட்டி. ஓ.டி. வீதம் 12.5 என்று வையுங்கள். 11,55,000 ரூபாவுக்கு ஒரு நாள் வட்டி எவ்வளவு? 11,55,000-ஐ 0.125-ஆல் பெருக்கி 365-ஆல் பிரித்தால் ஏறக்குறைய 396 ரூபா. கழிவான 25,000-ஐ இந்த 396-ஆல் பிரியுங்கள். 63 வரும். அதாவது இந்தக் கழிவு உங்களுக்காக 63 நாள் வட்டியைக் கட்டும், அதற்கு மேல் ஒரு நாளும் கட்டாது. இனிப் பார்க்கவேண்டியது ஒன்றுதான்: கழிவுக்காகக் கட்டுகிற நாளுக்கும், செக் கொடுத்திருந்தால் உங்கள் கணக்கிலிருந்து காசு உண்மையில் போயிருக்கக்கூடிய நாளுக்கும் இடையில் எத்தனை நாள்? ஏழாம் நாள் கட்டுகிறீர்கள், செக் அறுபதாம் நாள் என்றால் இடைவெளி 53. அது 63-க்குக் குறைவு, எனவே கடன் எடுத்துக் கட்டுவது லாபம். வட்டி சுமார் 20,960, கழிவு 25,000, கையில் மிஞ்சுவது கிட்டத்தட்ட 4,000 ரூபா. தொண்ணூறு நாள் செக் என்றால் இடைவெளி 83, வட்டி 32,800-ஐத் தாண்டும், கிட்டத்தட்ட 7,800 நட்டம்.

பதினொன்றரை லட்சத்தைக் கைமாற்றி மிஞ்சியது நாலாயிரம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

"உண்மையில் போயிருக்கக்கூடிய நாள்" என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். செக்கில் எழுதிய திகதியும் காசு போகிற திகதியும் நம் சந்தையில் எப்போதும் ஒன்றல்ல. பல கடைக்காரர்கள் செக் திகதி நெருங்கும்போது ரெப்புக்கு ஃபோன் பண்ணி "தம்பி, அந்தச் செக்கை ஒரு கிழமை கழிச்சிப் போடுங்க" என்று கேட்பார்கள், பழகிய இடமென்றால் நடக்கும். உங்கள் கடையில் இது வழக்கமென்றால் உங்கள் கடன் அறுபது நாள் அல்ல, அறுபத்தேழு நாள். இடைவெளி 60, மிச்சம் நாலாயிரத்திலிருந்து சுமார் 1,270 ஆகச் சுருங்கும். எழுபத்தைந்து நாள் வரை இழுக்கிற பழக்கமென்றால் ஏறக்குறைய 1,900 ரூபா நட்டம். அதனால் பில்லில் அச்சடித்த நாளை வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள். போன வருடத்து வங்கிக் கூற்றை எடுத்து, அதே கம்பனிக்குப் போன செக்குகள் எந்தத் திகதியில் காசாகியிருக்கின்றன என்று பில் திகதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலை, ஆனால் இந்த முடிவில் அதைவிட உண்மையான எண் வேறில்லை.

அடுத்தது வட்டி வீதம். மேலே 12.5 என்று எடுத்தது ஒரு உதாரணத்துக்குத்தான். பிணை நன்றாக இருக்கிற பழைய வாடிக்கையாளருக்கு ஒரு வீதம், பிணை குறைந்த சின்னக் கடைக்கு இன்னொன்று. பொதுவாக வங்கிகள் சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன் வீதத்துக்கு மேல் இத்தனை புள்ளி என்று உங்கள் ஓ.டி. கடிதத்தில் எழுதியிருக்கும். அந்த முதன்மை வீதத்தை மத்திய வங்கி கிழமைதோறும் வெளியிடுகிறது, அது ஏறினால் உங்கள் வட்டியும் ஏறும். உங்களுக்கு 16 வீதம் என்றால் ஒரு நாள் வட்டி 506 ரூபா, 25,000 கழிவு தாங்குவது 49 நாள். அறுபது நாள் செக்கின் இடைவெளி 53. அவ்வளவுதான், லாபம் நட்டமாகிவிட்டது. கழிவு, சரக்கு, கம்பனி, ரெப் எல்லாம் அதேதான். பக்கத்துக் கடைக்காரர் ஓ.டி. எடுத்துக் கட்டுகிறார் என்பதற்காக நீங்களும் கட்டலாம் என்று எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் இதுதான்.

2022-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 புள்ளி ஏற்றியது, வருடம் முடிகிறபோது முதன்மைக் கடன் வீதமே 27 வீதத்தை ஒட்டி நின்றது. ஓ.டி. 30 வீதத்தில் இருந்த ஒரு கடைக்கு இதே பில்லின் ஒரு நாள் வட்டி 949 ரூபா, இரண்டரை வீதக் கழிவு தாங்கியிருக்கக்கூடியது வெறும் 26 நாள். அறுபது நாள் செக் கிடைத்திருந்தால் அதை விட்டுவிட்டு ஓ.டி. எடுத்துக் கட்டியவர் ஒரு பில்லில் 25,000 ரூபாவுக்கு மேல் இழந்திருப்பார். (அந்த நாட்களில் நிறைய இடத்தில் கடனே தரவில்லை, கைக்காசு மட்டும்தான், அதனால் இந்தத் தெரிவே பலருக்கு இருக்கவில்லை.) பிறகு வட்டி இறங்கி 2024 முடிவில் முதன்மை வீதம் 9-ஐச் சுற்றி வந்ததும் கணக்கு மறுபடி புரண்டது. ஆனால் கம்பனிகள் கழிவு வீதத்தை வட்டியின் வேகத்துக்கு மாற்றுவதில்லை, பல வருடம் அதே இரண்டு, இரண்டரை என்று ஓடுகிறது. ஆகவே ஓ.டி. வீதம் மாறியதாக வங்கியிலிருந்து அறிவித்தல் வந்தால் அன்றே அந்த நாள் கணக்கை மறுபடி போடவேண்டும். ஏறினால் கழிவை விடவேண்டிய இடங்கள் வரும், இறங்கினால் முன்பு விட்ட கழிவுகளைப் பிடிக்கலாம்.

சரி, கணக்கு லாபம் என்று வந்துவிட்டது, மாதாமாதம் இப்படியே செய்யலாமா? இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு தடவை செய்தால் ஓ.டி.யில் 11,55,000 ஏறும், 53 நாளில் விற்ற காசு வந்து இறங்கும். மாதம் ஒரு பில், ஒவ்வொரு பில்லையும் இப்படிக் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். முதல் பில்லின் 53 நாள் முடியுமுன்பே, முப்பதாம் நாள், இரண்டாவது பில்லுக்கும் 11,55,000 எடுக்கிறீர்கள். ஒரு மாதத்தில் ஏழு நாள் தவிர மற்ற எல்லா நாட்களிலும் இரண்டு பில்லின் காசு ஓ.டி.யில் நிற்கும். அதாவது 23,10,000 ரூபா. உங்கள் எல்லை 20 லட்சம் என்றால் இரண்டாவது மாதமே முட்டிவிடும். 25 லட்சம் என்றால் முட்டாது, ஆனால் மற்ற எல்லாத் தேவைக்கும் மிச்சம் இரண்டு லட்சம்கூட இல்லை. முன்பு கம்பனி வட்டியில்லாமல் தந்துகொண்டிருந்த கடனை அப்படியே வங்கிக்கு மாற்றிவிட்டீர்கள், அது இனித் தானாக இறங்காது.

இதற்கு நீங்கள் பெறுவது என்ன? பில்லுக்கு 4,000, வருடத்துக்கு 48,000 ரூபா. இருபத்துமூன்று லட்சம் எல்லையை வருடம் முழுக்க அடைத்துவைத்ததற்கு 48,000. அந்த எல்லை எதற்காக இருக்கிறது? மேசன் பாஸ்மாரும் கொன்ட்ராக்ட்காரர்களும் தரவேண்டிய காசு பிந்துகிறபோது உங்கள் செக்குகள் திரும்பாமல் பாஸாவதற்காக. கொன்ட்ராக்ட்காரருக்கு வீட்டுக்காரர் காசு தரவில்லை, அவர் உங்களுக்குத் தரவில்லை, அதே கிழமையில் நீங்கள் பெயின்ட் கம்பனிக்கு எழுதிய செக் திகதி. எல்லையில் இடமிருந்தால் யாருக்கும் தெரியாமல் கடந்துபோகும். இல்லையென்றால் செக் திரும்பும். வங்கிக் கட்டணம் ஒரு பக்கம், அது கிரிப் அறிக்கையில் ஏறும், ரெப் அடுத்த மாதம் "ஒஃபிஸ்ல செக் எடுக்க வேணாம்னு சொல்றாங்க அண்ணன்" என்பார், அப்புறம் அறுபது நாளும் இல்லை, இரண்டரையும் இல்லை. 48,000-க்காக இதை விலையாகக் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இது நடக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு மாத வங்கிக் கூற்றிலும் ஓ.டி. மிகக் குறைவாக இருந்த நாளைத் தேடி, அந்தத் தொகையைக் குறித்துவாருங்கள். மிகக் கூடிய நாளை அல்ல, மிகக் குறைந்த நாளை. அது மாதாமாதம் பூச்சியத்துக்குப் பக்கத்தில் வந்து போகிறது என்றால் உங்கள் ஓ.டி. ஏறி இறங்குகிறது, நல்லது. அது 4 லட்சம், அடுத்த மாதம் 7, அதற்கடுத்து 11 என்று ஏறிக்கொண்டே வந்தால் அந்த அளவு கடன் உறைந்துபோய்விட்டது. வருடாந்தப் புதுப்பித்தலின்போது வங்கி மனேஜரும் முதலில் பார்ப்பது இதைத்தான். உறைந்த பகுதியைத் தவணைக் கடனாக மாற்றுங்கள் என்பார், அல்லது எல்லையைக் குறைப்பார்.

அதனால் நான் சொல்வது, வருடம் முழுக்கச் செய்யாமல் காலம் பார்த்துச் செய்யுங்கள் என்று. கொழும்பில் ஹார்ட்வெயார், பெயின்ட் வியாபாரம் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னும் நத்தாருக்கு முன்னும் சூடுபிடிக்கும், வீட்டுக்கு வெள்ளையடிக்கிற காலம். ஜனவரி, பெப்ரவரியில் அதற்காகச் சரக்கு நிரப்புகிறபோது ஓ.டி.யின் ஒவ்வொரு ரூபாவும் தேவை, அப்போது அறுபது நாள் செக்கே சரி, முடிந்தால் எழுபத்தைந்து கேளுங்கள். சித்திரை முடிந்து நிலுவைகள் வந்து சேர்ந்து, மே மாத மழையோடு கட்டட வேலைகள் மந்தமாகிறபோது எல்லை காலியாகக் கிடக்கும். அந்த மாதங்களில் வருகிற பில்லுகளுக்கு ஓ.டி.யில் எடுத்துக் கழிவைப் பிடியுங்கள். வருடத்தில் நாலைந்து பில் கிடைக்கும், பதினாறு, இருபதாயிரம் ரூபா, செக் திரும்பும் பயமில்லாமல்.

இரண்டு கம்பனிகள் கழிவு தந்தால் எதைப் பிடிப்பது என்றும் கேட்கிறார்கள். கூடிய வீதத்தைப் பிடிக்கத்தான் கை போகும். ஆனால் பாருங்கள். பெயின்ட் கம்பனி முப்பது நாள் செக் எடுக்கிறது, சரக்கு இறக்கும்போதே காசு என்றால் ஒன்றரை வீதம் கழிக்கிறது. அதே 10 லட்சம் பெறுமதி, கழிவு 15,000, கட்டவேண்டியது 11,65,000, நாள் வட்டி 399. கழிவு தாங்குவது 37 நாள், இடைவெளி 30. மிச்சம் கிட்டத்தட்ட 3,000. பைப் பில்லின் 4,000-ஐவிடக் குறைவுதான், ஆனால் இதில் எந்த நேரமும் ஒரு பில்லின் காசுதான் ஓ.டி.யில் நிற்கும், பைப்பில் பெரும்பாலான நாட்களில் இரண்டு பில். எல்லையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டு முக்கால்வாசி லாபம் தருகிறது. எல்லை குறைவாக உள்ள கடைக்குப் பெயின்டின் ஒன்றரையே மேல்.

வற்றில் பதியாத சின்னக் கடைகளுக்கு ஒரு வார்த்தை. கம்பனி கழிவைப் பெறுமதியில் மட்டும் கழிக்கிறதா, அதற்குரிய வற்றையும் சேர்த்துக் குறைக்கிறதா என்று கேளுங்கள். பதிந்த கடைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே, ஏனென்றால் குறைந்த வற்றை உள்ளீட்டு வரியாகக் கழிக்க முடியாமல் போகும். பதியாத உங்களுக்கு அந்த 4,500 ரூபாவும் சொந்த மிச்சம். கழிவு 29,500 ஆகும், தாங்குகிற நாட்கள் 63-லிருந்து 74 ஆகக் கூடும். பெரிய வித்தியாசம், ஆனால் கேட்டால்தான் கிடைக்கும்.

ஓ.டி. இல்லாதவர்கள் வேறு எங்கே எடுக்கலாம் என்று பார்த்தால் வழிகள் உண்டு, ஆனால் இந்த வேலைக்கு அவை பொருந்துவதில்லை. வாடிக்கையாளர் தந்த பின்திகதியிட்ட செக்குகளை ஃபினான்ஸ் கம்பனியில் கொடுத்துக் காசாக்குகிற பழக்கம் உண்டு. மாதத்துக்கு 2 வீதம் என்று வையுங்கள், காதுக்குச் சின்னதாகக் கேட்கும். 53 நாளுக்கு மூன்றரை வீதம், அதையும் முன்னாலேயே வெட்டிக்கொண்டுதான் தருவார்கள். கையில் 11,55,000 வரவேண்டுமென்றால் கிட்டத்தட்ட 12 லட்சம் ரூபா செக் கொடுக்கவேண்டும், போவது 42,000-க்கு மேல், கிடைப்பது 25,000. அதோடு அந்தச் செக் திரும்பினால் ஃபினான்ஸ் கம்பனி உங்களிடம்தான் வரும், செக் எழுதியவரிடம் அல்ல. மூன்று மாதக் குறுங்காலக் கடனின் வீதம் ஓ.டி.க்குச் சமமாக இருக்கலாம், ஆனால் ஆவணக் கட்டணம் என்று ஓர் ஐயாயிரம் எடுத்தாலே நம் நாலாயிரம் போய்விடும், காசு முன்னதாக வந்தாலும் ஓ.டி.போல அன்றே இறங்கி வட்டி நிற்காது. நகை அடகு வைப்பவர்கள் வட்டியை நாளுக்குக் கணக்கிடுகிறார்களா மாதத்துக்கா என்று பார்க்கவேண்டும். மாதக் கணக்கென்றால் 53 நாள் இரண்டு மாதமாகிவிடும்.

கணக்குக்கு வெளியே ஒன்று இருக்கிறது, அதற்கு ரூபாவில் விலை போட முடியாது, ஆனால் நான் அதைப் பெரிதாகவே எடுப்பேன். செக் இன்னும் கம்பனியின் கையில், திகதி வரவில்லை என்றால், உடைந்த ஃபிட்டிங்குக்கோ குறைந்து வந்த பைப்புக்கோ ரெப் அடுத்த நாளே வருவார். காசு முழுதாகப் போய்விட்டால் அதே ரெப் "அடுத்த ஓடர்ல பாத்துத் தாறேன்" என்பார். திருப்பின சரக்குக்குக் காசு வராது, கிரெடிட் நோட் வரும், அதை வைத்து மறுபடி அவர்களிடமே வாங்கவேண்டும். எனவே புதிதாகப் பழகுகிற கம்பனிக்கும், அடிக்கடி குறை வருகிற சரக்குக்கும் முதல் சில பில்லுகளைச் செக்கிலேயே எடுங்கள், கழிவு எவ்வளவு தந்தாலும்.

கழிவு எந்த உருவத்தில் வருகிறது என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். 11,55,000 கட்டினால் பில் தீர்ந்ததாக எழுதுகிறார்களா, அல்லது முழு 11,80,000-ஐயும் வாங்கிக்கொண்டு 25,000-க்கு அடுத்த மாதம் கிரெடிட் நோட் தருகிறார்களா? இரண்டாவதென்றால் கடன் எடுக்கவேண்டிய தொகை கூடுகிறது, கழிவோ பிந்தி வருகிறது, அதுவும் அடுத்த ஓடர் போட்டால்தான். ஏழு நாள் எப்போது தொடங்குகிறது என்பதும் முக்கியம். பில் திகதியிலிருந்தா, சரக்கு இறங்கிய நாளிலிருந்தா? லொறி நாலு நாள் பிந்தி வந்தால் உங்களுக்கு மூன்று நாள்தான். ஏழாம் நாள் செக் கொடுத்து எட்டாம் நாள் காசானதால் கழிவு இல்லை என்று சொன்ன கம்பனிகளும் உண்டு. இதற்காகக் கழிவுப் பில்லுகளை வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக மாற்றி, அந்த ரசீதைப் பில்லோடு சேர்த்து வையுங்கள். ரெப் வாயால் சொன்ன இரண்டரை வீதம் பில்லிலேயே எழுதப்பட்டிருக்கவேண்டும், ரெப் மாறினால் வாய்ச்சொல் போய்விடும்.

கடைசியாக, ஏழு நாளுக்கும் அறுபது நாளுக்கும் நடுவில் எதுவுமே இல்லை என்று எடுத்துக்கொள்ளவேண்டியதில்லை. கம்பனி இரண்டரை வீதம் தருவதே அதற்கும் காசு அவசரம் என்பதால்தான், அதுவும் எங்கோ ஓ.டி. கட்டிக்கொண்டிருக்கும். 53 நாள் முன்னதாகக் கட்டினால் 2.5 என்றால், 30 நாள் முன்னதாகக் கட்டினால் 1.4 என்பது அதே விலைதான். ரெப்பிடம் இப்படிக் கேளுங்கள்: "ஏழு நாள்ல ஏலாது தம்பி, முப்பதாம் நாள் கட்டுறேன், ஒண்ணே கால் தாங்க." ஒன்றே கால் என்றால் 12,500 ரூபா. முப்பதாம் நாளுக்குள் அந்தச் சரக்கின் ஒரு பகுதி விற்றுக் காசாகியிருக்கும், பாதியை அதிலிருந்து போட்டு மிச்சம் ஆறு லட்சம் அளவுக்கு மட்டும் ஓ.டி.யில் கை வைத்தால் அதற்கு முப்பது நாள் வட்டி 6,200 ரூபாவுக்குள் முடியும், மிச்சம் 6,000-க்கு மேல். ஏழாம் நாள் முழுதாகக் கடன் எடுத்துக் கட்டியதைவிடக் கூட, எல்லையில் பிடிப்பது பாதி. எல்லா ரெப்பும் ஒத்துக்கொள்ளமாட்டார், சிலருக்கு ஒஃபிஸில் கேட்கவேண்டியிருக்கும். மாதக் கடைசியில், விற்பனை இலக்கை முடிக்க ஓடித் திரிகிற நாட்களில் கேட்டால் கிடைக்கிற வாய்ப்பு அதிகம்.